எத்திலீனுக்கு எதிரே இரண்டு எழுத்து

பதினோராம் வகுப்பு உயிரி-தாவரவியலில் ஓர் அலகுத் தேர்வு. தாவர வளர்ச்சிப் பாடம் முடிந்த மறுவாரம் நானே கேள்வித்தாள் எழுதி, நானே நகலெடுத்து, நானே திருத்தியது. அதனால் இதில் நடந்த தவறுக்கு வேறு யாரையும் நான் கைகாட்ட முடியாது.

ஐந்து மதிப்பெண்ணுக்கு ஒரு ‘பொருத்துக’. இடப்பக்கம் ஆக்சின், ஜிப்ரல்லின், சைட்டோகைனின், அப்சிசிக் அமிலம், எத்திலீன். வலப்பக்கம் வரிசை மாற்றி கனி பழுத்தல், இலை உதிர்தல், நுனி ஆதிக்கம், கணுவிடை நீட்சி, செல் பிரிதல். முப்பது வருடமாக இந்த ஐந்தும் இந்த ஐந்தோடுதான் ஜோடி சேர்ந்து வருகின்றன. தூக்கத்தில் கேட்டாலும் சொல்லிவிடுவேன்: அப்சிசிக் அமிலத்துக்கு உதிர்தல், எத்திலீனுக்குப் பழுத்தல்.

ஒரு மாணவி எத்திலீனுக்கு எதிரே இரண்டு எழுத்து எழுதியிருந்தாள், பழுத்தலுக்கு ஒன்று, உதிர்தலுக்கு ஒன்று. அப்சிசிக் அமிலத்துக்கு எதிரே ஒரு சின்னக் கோடு மட்டும். எத்திலீனுக்கும் மதிப்பெண் தரவில்லை, அப்சிசிக்குக்கும் தரவில்லை. ஐந்துக்கு மூன்று.

தாளைக் கொடுத்ததும் மேசைக்கு வந்தாள். “சார், கறிவேப்பிலையையும் பழுத்த வாழைப்பழத்தையும் ஒரே கவர்ல கட்டி வெச்சா மறுநாள் இலையெல்லாம் கொட்டிப்போயிருது சார். எங்கம்மா எப்பவும் திட்டும், பழத்தோட வெக்காதேன்னு. பழத்துலேர்ந்து வர்றது எத்திலீன்தானே?” அம்மா காய்கறிக்கடை வைத்திருப்பவர்.

எனக்குப் பதில் தெரியும். ஆனால் நான் திருத்தப் பயன்படுத்திய விடைக்குறிப்புக்கு அது தெரியவில்லை. மறுநாள் இரண்டு பிளாஸ்டிக் கவர்களில் ஒரே மரத்துக் கறிவேப்பிலைக் கொத்துகளைப் போட்டு, ஒன்றில் மட்டும் கரும்புள்ளி விழுந்த வாழைப்பழம் ஒன்றையும் வைத்து, வாயைக் கட்டி, ஆய்வகத்து அலமாரியில் வைத்தோம். இரண்டு நாள் கழித்துப் பிரித்தோம். பழம் இருந்த கவரில் கொத்தைக் காம்போடு தூக்கினால் கையில் காம்பு மட்டும் வந்தது. மற்றக் கவரில் இலை அப்படியே நின்றது. அவளுக்கு இரண்டு மதிப்பெண் கூட்டிப் போட்டேன். கேள்விக்கு என்ன செய்வது என்றுதான் தெரியவில்லை.

அப்சிசிக் அமிலத்துக்கு உதிர்தல் என்ற பெயர் எப்படி ஒட்டியது என்பது வேடிக்கையான கதை. 1960களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் அடிகாட் குழுவினர் பருத்திக் காய் ஏன் முற்றாமலே கொட்டுகிறது என்று ஆராய்ந்து, காயிலிருந்து ஒரு பொருளைப் பிரித்து ‘அப்சிசின்’ என்று பெயரிட்டார்கள். ஆங்கிலத்தில் உதிர்தலுக்கான சொல்லிலிருந்து வந்த பெயர் அது. அதே காலத்தில் இங்கிலாந்தில் வேரிங் குழுவினர் மரங்களின் மொட்டு உறக்கத்தை ஆராய்ந்து கண்டெடுத்த பொருளுக்கு ‘டார்மின்’ என்று பெயர். இரண்டும் ஒன்றே என்று தெரிந்தபோது உதிர்தல் பெயரே நிலைத்தது. பிற்பாடு பார்த்தால் அந்தப் பொருள் முதன்மையாகச் செய்வது வேறு வேலை. வறட்சியில் இலைத்துளையை மூடச் சொல்கிறது. விதையை முளைக்கவிடாமல் நிறுத்திவைக்கிறது. இலையும் காயும் உதிர்வதில் பெரும்பாலான செடிகளில் முன்னால் நிற்பது எத்திலீன். பெயர் மாறவில்லை, பெயரைப் பார்த்துப் பொருத்துகிற வழக்கமும் மாறவில்லை.

சரி, எத்திலீனுக்கு எதிரே உதிர்தல் என்று போட்டுவிட்டால் தீர்ந்ததா? அதுவும் பாதிதான். இலைக்காம்பு தண்டோடு சேரும் இடத்தில் சில அடுக்குச் செல்கள் உண்டு. இலை கழல்வது அந்த இடத்தில்தான். இலைப்பரப்பிலிருந்து ஆக்சின் தொடர்ந்து இறங்கிக்கொண்டிருக்கும்வரை அந்தச் செல்கள் எத்திலீனுக்குச் செவிசாய்ப்பதில்லை. இலை மூப்படைந்து ஆக்சின் வரத்து குறைந்தால் எத்திலீன் சொல்வது எடுபடும். செல்சுவரைக் கரைக்கும் நொதிகள் உருவாகி, அந்த அடுக்கு நெகிழ்ந்து, காற்று அடித்தால் இலை கீழே. கோலியஸ் தொட்டிச் செடியில் இதை யாரும் பார்க்கலாம். இலைப்பரப்பை மட்டும் கத்தரித்துக் காம்பை விட்டால் சில நாளில் காம்பு தானே விழும். வெட்டிய நுனியில் ஆக்சின் கலந்த பசையைத் தடவினால் விழாமல் ஒட்டிக்கொண்டிருக்கும். ஆக, ‘உதிர்தல்’ என்ற சொல்லுக்கு எதிரே ஆக்சினின் பெயரையும் எழுதலாம், தடுப்பது என்ற பொருளில். ஒரு கோடு போட்டு இரண்டு சொல்லை இணைக்கிற கேள்வியில் இதற்கு இடமில்லை.

இந்த இடத்தில் பொருத்துகவின் கணக்கையும் கொஞ்சம் பார்க்க வேண்டும். இடப்பக்கம் ஐந்து, வலப்பக்கம் ஐந்து, ஒவ்வோர் எழுத்தும் ஒருமுறை என்று இருந்தால், நான்கு தெரிந்தவனுக்கு ஐந்தாவது இலவசம். இந்தக் கேள்வியில் சரியாக நான்கு மதிப்பெண் எடுக்கவே முடியாது. ஒன்று தவறினால் குறைந்தது இரண்டு தவறும். ஒன்றுமே தெரியாதவன் கண்ணை மூடிக்கொண்டு எழுத்துகளை நிரப்பினாலும் சராசரியாக ஒரு மதிப்பெண் கிடைக்கும். வரிகள் ஐந்தானாலும் ஐம்பதானாலும் அந்த ஒன்று மாறாது என்பது கணித ஆசிரியர் எனக்குச் சொல்லித் தந்தது, நம்ப வெகுநேரம் பிடித்தது. நான்கு விடைத் தொகுதி கொடுத்து அதில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்கிற போட்டித்தேர்வு வடிவம் இன்னும் மோசம். எத்திலீன்–பழுத்தல் ஒன்று தெரிந்தால் போதும்; பல தாள்களில் அது ஒன்றே மூன்று தொகுதிகளைத் தள்ளிவிடும். மற்ற நான்கு ஹார்மோன்களைப் பற்றி அந்த மாணவனுக்கு என்ன தெரியும் என்பது திருத்துகிற கணினிக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

சார்பசைவுகளுக்கு வந்தால் வேறொரு சிக்கல், அது தமிழ்வழிக்கே உரியது. நம் கலைச்சொற்கள் நல்ல சொற்கள். ஒளிச்சார்பசைவு, புவிச்சார்பசைவு, நீர்ச்சார்பசைவு, தொடுசார்பசைவு என்று சொல்லிலேயே பொருள் தெரியும். அந்த நல்ல குணமே பொருத்துகவில் ஓட்டையாகிறது. இடப்பக்கம் ‘நீர்ச்சார்பசைவு’ என்று எழுதி வலப்பக்கம் ‘வேர் நீரை நோக்கி வளர்தல்’ என்று எழுதினால், அதற்குப் பாடம் படிக்க வேண்டியதில்லை, தமிழ் படிக்கத் தெரிந்தால் போதும். நான் ஒருமுறை இந்தக் கேள்வியை ஆறாம் வகுப்புக் குழந்தைகளிடம் கொடுத்துப் பார்த்தேன், விளையாட்டாக. சார்பசைவு என்றால் என்ன என்று கேட்ட குழந்தைகூட எல்லாவற்றையும் சரியாகப் பொருத்திவிட்டது.

அதே ஆக்சினை வைத்து வேறு மாதிரி கேட்கலாம். மொச்சைக் கொட்டையை ஈர மைஉறிஞ்சு தாளுக்கும் கண்ணாடி டம்ளரின் சுவருக்கும் இடையே முளைக்கவிட்டு, வேரும் குருத்தும் இரண்டு மூன்று அங்குலம் வந்ததும் டம்ளரைப் படுக்கவைத்து ஒரு ராத்திரி விட்டுவிட வேண்டும். காலையில் குருத்து மேல்நோக்கி வளைந்திருக்கும், வேர் கீழ்நோக்கி. இரண்டிலும் ஆக்சின் தேங்கியது கீழ்ப்பக்கத்தில்தான். குருத்தில் ஆக்சின் கூடிய பக்கம் வேகமாக நீண்டது, அதனால் நுனி மேலே எழும்பியது. வேரோ மிகக் குறைந்த ஆக்சினிலேயே நன்றாக வளர்வது. அளவு கூடினால் நீட்சி தடைப்படும். அதனால் கீழ்ப்பக்கம் பின்தங்க, மேல்பக்கம் முந்த, நுனி கீழே வளைந்தது. ‘ஆக்சின் வளர்ச்சியைத் தூண்டும்’ என்று மனப்பாடம் செய்த பிள்ளை குருத்தைச் சரியாக விளக்கும், வேரில் மாட்டிக்கொள்ளும். மாட்டிக்கொள்கிற இடம்தான் ஆசிரியருக்கு வேண்டியது. எழுத்தைப் பொருத்தும் கேள்வியில் அந்த இடம் வருவதே இல்லை.

இனி ஒளி. பாடத்தில் ஒளி இரண்டு தடவை வருகிறது. பிள்ளைகள் அதிகம் குழம்புவதும் இங்கேதான். ஒளிச்சார்பசைவு ஒன்பதாம் வகுப்பில் வந்துபோய்விடுகிறது. ஒளிக்காலத்துவம் பதினோராம் வகுப்பில் வருகிறது. இரண்டும் ஒரே பக்கத்தில் சந்திப்பதில்லை, சொற்களோ ஒரே மாதிரி தொடங்குகின்றன. முதலாவது ஒளி எந்தத் திசையிலிருந்து வருகிறது என்பதைப் பொறுத்தது. ஜன்னலோரத் தொட்டிச் செடி வெளியே எட்டிப் பார்ப்பது அதனால். அதற்கு நீல ஒளியை வாங்கும் ஒரு புரதம் வேலை செய்கிறது. இரண்டாவதற்குத் திசையோடு சம்பந்தமே இல்லை. ஒளி எவ்வளவு நேரம் இருந்தது, இருள் எவ்வளவு நேரம் நீடித்தது என்று கணக்கு வைப்பது. அதில் முக்கியப் பங்கு ஃபைட்டோகுரோம் என்ற நிறமிக்கு, அது சிவப்பு ஒளியை வாங்குவது. ஒரே ஒரு மங்கலான சிவப்பு விளக்கை வைத்துக்கொண்டு இரண்டையும் பிரித்துக் காட்டலாம். இருட்டில் வளர்த்த புல் நாற்றுக்கு ஒரு பக்கமாக அதைக் காட்டினால் நாற்று வளையாது. நள்ளிரவில் சில நிமிடம் அதே விளக்கைக் குறும்பகல் தாவரத்தின் மேல் போட்டால் பூப்பது நின்றுபோகும். ‘ஒளிச்சார்பசைவு – ஒளியின் திசை, ஒளிக்காலத்துவம் – ஒளியின் கால அளவு’ என்று பொருத்திவிட்டு அடுத்த கேள்விக்குப் போகிற பிள்ளைக்கு இந்த வேறுபாடு ஒருபோதும் தட்டுப்படுவதில்லை.

குறும்பகல், நெடும்பகல் என்ற பெயர்கள்தான் இந்தப் பாடத்திலேயே பெரிய பொறி. பாடம் நடத்துகிற நாங்களே அதில் விழுந்திருக்கிறோம்.

கதை ஒரு புகையிலையிலிருந்து தொடங்குகிறது. அமெரிக்காவின் மேரிலாந்துப் பகுதியில் ‘மேரிலாந்து மாமத்’ என்றொரு புகையிலை வகை தோன்றியது. கோடை முழுக்க ஆள் உயரத்துக்கும் மேல் வளர்ந்துகொண்டே போகும், பூக்காது. அதையே குளிர்காலத்தில் கண்ணாடிக் கூடத்தில் வைத்தால் சின்னச் செடியாக இருக்கும்போதே பூத்துவிடும். அமெரிக்க வேளாண் துறையில் இருந்த கார்னரும் அலார்டும் வெப்பம், ஈரம், உரம் என்று ஒவ்வொன்றாகச் சந்தேகித்து, கடைசியில் கோடைச் செடிகளை மாலையில் இருட்டுக் கொட்டகைக்குள் தள்ளிப் பார்த்தார்கள். பகல் குறைந்ததும் பூத்தது. 1920இல் இதை வெளியிட்டு, குறும்பகல் தாவரம், நெடும்பகல் தாவரம் என்ற பெயர்களையும் கொடுத்தார்கள். கண்ணுக்குத் தெரிந்தது பகல் என்பதால் பகல் பெயரில் வந்துவிட்டது. 18 ஆண்டு கழித்து, 1938இல், ஹாம்னரும் பான்னரும் மருளூமத்தைச் செடியை வைத்து அளக்கப்படுவது பகல் அல்ல, இடைவிடாத இரவு என்று காட்டினார்கள். பகலின் நடுவே சிறிது இருட்டைப் புகுத்தினால் செடி கண்டுகொள்ளவில்லை. இரவின் நடுவே சில நிமிடம் வெளிச்சம் பட்டால் பூக்கவில்லை. பெயரை மாற்ற அதற்குள் நேரம் கடந்துவிட்டது. நாமும் ‘குறும்பகல்’ என்றே மொழிபெயர்த்துக்கொண்டோம். ‘நீள் இரவு’ என்று வைத்திருந்தால் எத்தனையோ பிள்ளைகள் தப்பித்திருப்பார்கள்.

மருளூமத்தையை எல்லாரும் பார்த்திருப்பீர்கள், பெயர்தான் தெரிந்திருக்காது. ஏரிக்கரையிலும் தரிசிலும் மண்டிக் கிடக்கும். கொக்கி முள் நிறைந்த காய் வேட்டியிலும் ஆட்டு மயிரிலும் ஒட்டிக்கொண்டு வீடுவரை வரும். பாடநூல்களில் குறும்பகல் தாவரத்துக்கு உலகம் முழுக்கச் சொல்லப்படும் எடுத்துக்காட்டு இதுதான். நெடும்பகல் தாவரத்துக்குச் சொல்லப்படுவதில் ஒன்று ஹயோசயாமஸ், நம் சித்த மருந்துக்கடைகளில் குரோசாணி ஓமம் என்ற பெயரில் விதை கிடைக்கும். இந்த இரண்டையும் இடப்பக்கம் போட்டு, வலப்பக்கம் குறும்பகல், நெடும்பகல் என்று போட்டால் பொருத்துக தயார். இப்போது பிள்ளையிடம் இப்படிக் கேட்டுப் பாருங்கள்: இரண்டையும் தினமும் 13 மணி நேரம் ஒளியில் வைத்தால் எது பூக்கும்?

வகுப்பு முழுவதும் ஓமத்துக்குத்தான் கை தூக்கும். 13 மணி என்றால் நெடும்பகல், அதனால் நெடும்பகல் தாவரம் பூக்கும் என்பது வாதம். உண்மையில் இரண்டுமே பூக்கும். மருளூமத்தையின் எல்லை ஏறக்குறைய பதினைந்தரை மணி. பகல் அதற்குக் கீழே இருந்தால், அதாவது இரவு எட்டரை மணிக்கு மேல் இருந்தால், பூக்கும். ஓமத்தின் எல்லை ஏறக்குறைய 11 மணி. பகல் அதற்கு மேல் இருந்தால் பூக்கும். 13 என்பது பதினைந்தரைக்குக் கீழும் 11க்கு மேலும் இருக்கிறது. குறும்பகல் என்றால் 12 மணிக்குக் குறைவான பகல் என்று யாரும் சொல்லவில்லை. அந்தந்தச் செடியின் எல்லைக்குக் கீழ் என்றுதான் பொருள். குறும்பகல் தாவரத்தின் எல்லை நெடும்பகல் தாவரத்தின் எல்லையைவிடப் பெரிய எண்ணாக இருக்கலாம் என்பதை ஒரு பிள்ளை முதன்முறை கேட்கும்போது முகத்தைப் பார்க்க வேண்டும். ஏமாற்றப்பட்டதுபோல் பார்ப்பார்கள்.

நம் ஊருக்கு இதைக் கொண்டுவந்தால் இன்னும் தெளிவாகும். சென்னையில் ஆண்டின் மிக நீண்ட பகலே 13 மணிக்குச் சில நிமிடம் குறைவு. மிகக் குறுகிய பகல் ஏறக்குறைய 11 மணி 20 நிமிடம். கன்னியாகுமரியில் இரண்டுக்கும் இடையே ஒரு மணி நேர வேறுபாடுகூடத் தேறாது. அப்படியென்றால் மருளூமத்தையைப் பொறுத்தவரை தமிழ்நாட்டில் ஆண்டின் 365 நாளும் குறும்பகல்தான். ஆடியிலும் பூக்கும், தையிலும் பூக்கும். இந்த ஊரில் இருந்துகொண்டு நாள் நீளத்தைச் செடி உணர்கிறதா என்று பார்க்க அது உதவாத செடி. அதற்கு நெல் உதவும். பழைய சம்பா ரகங்கள் அந்த ஒரு மணி நேரத்துக்குள் நடக்கும் சில நிமிட மாற்றத்தைக்கூடக் கண்டுபிடித்துக் கதிர் தள்ளுபவை. நாற்றங்காலை முன்னே விட்டாலும் பின்னே விட்டாலும் ஏறக்குறைய அதே பருவத்தில் பூத்துவிடும். தாமதமாக விட்டவருக்கு வளர்ச்சிக் காலம் குறையும், அவ்வளவுதான். குறுவைக்கு வந்த குறுகிய கால ரகங்கள் இந்தக் கணக்கைப் பெரும்பாலும் பார்ப்பதில்லை. நாளை எண்ணிக்கொண்டு பூப்பவை. சம்பாவை ஏன் குறுவைப் பட்டத்தில் போடுவதில்லை என்று தன் தாத்தாவிடம் கேட்ட பையன் ஒருவன் ஒளிக்காலத்துவத்தைப் பாடநூலுக்கு வெளியே புரிந்துகொண்டான்.

சாமந்தி வளர்க்கிறவர்கள் இன்னொரு விதம். சாமந்தி குறும்பகல் தாவரம். செடி உயரம் எடுக்கும் முன்பே பூத்துவிடக் கூடாது என்றால் நள்ளிரவில் சில மணி நேரம் தோட்டத்தில் விளக்கைப் போட்டு இரவை இரண்டாக வெட்டுவார்கள். பூ வேண்டும் என்கிற நாள்கணக்குக்கு ஏற்ப விளக்கை நிறுத்துவார்கள். மாலையில் விளக்கை ஏற்றிப் பகலை நீட்டாமல் நடுராத்திரியில் ஏற்றுவது ஏன் என்று கேட்டால், மின்கட்டணம் குறையும் என்பார்கள். அதுவும் உண்மைதான், ஆனால் குறைந்த வெளிச்சத்தில் வேலை முடிவதற்குக் காரணம், செடி எண்ணுவது இரவை என்பதே.

இதையெல்லாம் மனத்தில் வைத்து அந்தப் பொருத்துகவை மறு ஆண்டு மாற்றினேன். பொருத்துக என்ற வடிவத்தை விடவில்லை. ஒரு மாலைக்குள் நாற்பது தாளைத் திருத்தி, மறுநாள் அதை வைத்துப் பாடம் நடத்த வேண்டிய ஆசிரியருக்கு அதைவிட வசதியான வடிவம் கிடையாது. குற்றம் வடிவத்தில் இல்லை, வரிகளில் இருந்தது.

இரண்டு செடிகளின் எல்லை நேரத்தையும் கேள்வியின் தலையிலேயே கொடுத்துவிட்டேன்: மருளூமத்தைக்குப் பதினைந்தரை, ஓமத்துக்கு 11. எண்ணை மனப்பாடம் செய்யத் தேவையில்லை. தவிர, அது வெப்பநிலைக்கும் வகைக்கும் ஏற்பக் கொஞ்சம் மாறுவது. செடிகள் பூக்கும் பருவத்தை எட்டியவை என்பதையும் எழுதினேன், இல்லாவிட்டால் கெட்டிக்காரப் பிள்ளை ஒன்று ‘நாற்றாக இருந்தால்?’ என்று கேட்கும். வலப்பக்கம் நான்கே விடை: அ. மருளூமத்தை மட்டும் பூக்கும், ஆ. ஓமம் மட்டும் பூக்கும்; இ. இரண்டும் பூக்கும், ஈ. இரண்டும் பூக்காது. ஒரே எழுத்து எத்தனை முறையும் வரலாம், வராமலும் போகலாம் என்று அடிக்கோடிட்டேன். இடப்பக்கம் ஐந்து நிலைமைகள். முதலாவது, 9 மணி ஒளி, 15 மணி இருள். இரண்டாவது, 13 மணி ஒளி, 11 மணி இருள். மூன்றாவது, 16 மணி ஒளி, 8 மணி இருள். நான்காவது, 9 மணி ஒளி, 15 மணி இருள், ஆனால் இருளின் சரிபாதியில் போதிய நேரம் வெளிச்சம். ஐந்தாவது, 9 மணி ஒளி, 15 மணி இருள், ஆனால் பகலின் நடுவே அரைமணி கறுப்புத் துணி மூடல்.

விடை: அ, இ, ஆ, ஆ, அ. ‘ஈ’க்கு வேலையே இல்லை. எழுத்துகள் தீர்ந்துபோவதில்லை என்பதால் கழித்துக் கட்டிக் கண்டுபிடிக்கிற வழியும் அடைபட்டுவிடுகிறது.

நான்காவது வரியில் நடப்பதை மட்டும் கொஞ்சம் விரிக்கிறேன். மொத்த இருள் கிட்டத்தட்ட 15 மணிதான், குறையவில்லை. ஆனால் நடுவில் வெளிச்சம் வந்ததால் அது ஏழரை, ஏழரை என்று இரண்டு துண்டாகிவிட்டது. மருளூமத்தைக்கு இடைவிடாமல் எட்டரை மணி வேண்டும். இரண்டு துண்டையும் கூட்டிப் பார்க்கும் கணக்கு அதனிடம் இல்லை. அதனால் பூக்காது. ஓமத்துக்கோ நீண்ட இரவு எதிரி. இரவு துண்டானது அதற்கு வசதி. ஐந்தாவது வரியில் துண்டானது பகல், இரவு முழுசாக இருக்கிறது. அதனால் விடை முதல் வரியின் விடையே.

முதல் தடவை பாதி வகுப்புக்கு மேல் சறுக்கியது. ஆனால் இந்த முறை தவறுகளைப் படிக்க முடிந்தது. இரண்டாவது வரிக்கு ‘ஆ’ எழுதியவர்களுக்கு 12 மணியே எல்லை என்ற எண்ணம். நான்காவது வரிக்கு ‘அ’ எழுதியவர்கள் பகலை எண்ணிவிட்டு நிறுத்தியவர்கள். நான்காவதைச் சரியாகவும் ஐந்தாவதைத் தவறாகவும் எழுதியவர்கள் இடையூறு எங்கே வந்தாலும் விளைவு மாறும் என்று நினைத்தவர்கள். இவர்கள் மற்றவர்களைவிட ஒரு படி மேலே. மூன்று வகைக்கும் மூன்று வேறு பேச்சு பேச வேண்டியிருந்தது. பழைய பொருத்துகவில் தவறிய பிள்ளையிடம் நான் சொல்ல முடிந்தது ஒன்றுதான்: இன்னொருமுறை படி.

ஹார்மோன் பகுதியையும் அப்படியே மாற்றினேன். பெயருக்கு எதிரே வேலை என்பதை விட்டுவிட்டு, கோலியஸ் காம்புகள் மூன்றைக் கொடுத்தேன். மூன்றிலும் இலைப்பரப்பு வெட்டியாயிற்று. ஒன்றில் வெறும் பசை, இன்னொன்றில் ஆக்சின் கலந்த பசை, மூன்றாவதில் வெறும் பசையும் கவருக்குள் ஒரு பழுத்த வாழைப்பழமும். எது முதலில் விழும், எது கடைசியில்? பழம் வைத்தது முதலில், ஆக்சின் தடவியது கடைசியில். அப்சிசிக் அமிலத்தின் பெயரே இதில் வராததைக் கண்டுபிடித்து ஏன் என்று கேட்டது, எத்திலீனுக்கு இரண்டு எழுத்து எழுதிய அதே பெண்ணின் தம்பி.

குறை இல்லாமல் இல்லை. இந்த மாதிரி ஐந்து வரி எழுத எனக்கு ஒரு மாலை முழுவதும் ஆனது. பழைய பொருத்துக இரண்டு நிமிட வேலை. வாசித்துப் புரிந்துகொள்ளத் திணறும் பிள்ளைக்கு இது பாரம், அதற்கு வரிகளைச் சுருக்கி, வாயால் ஒருமுறை வாசித்தும் காட்ட வேண்டும். போட்டித்தேர்வுகளில் பழைய ஜோடிகளே வரும் என்பதால் அவற்றையும் சொல்லிக்கொடுக்காமல் விட முடியாது. அங்கே ‘அப்சிசிக் – உதிர்தல்’ வந்தால் எழுதிவிட்டு வா, மதிப்பெண்ணை விடாதே என்றுதான் நானும் சொல்கிறேன். சொல்லும்போது கொஞ்சம் வெட்கமாக இருக்கும். ஃப்ளோரிஜன் என்ற பூக்கும் ஹார்மோனைப் பற்றியும் அப்படித்தான் இருந்தோம். 1930களில் சோவியத் ஆய்வாளர் சைலாக்யான், இலையிலிருந்து ஏதோ ஒன்று மொட்டுக்குப் போகிறது என்று ஊகித்து அந்தப் பெயரை வைத்தார். அது ஒரு புரதம் என்று உறுதியானது 2007 வாக்கில். இடையில் எழுபது ஆண்டு, யாரும் கையில் பிடித்துப் பார்க்காத ஒரு பொருளைப் ‘பூத்தல்’ என்ற சொல்லோடு நாங்கள் பொருத்திக்கொண்டிருந்தோம், முழு மதிப்பெண்ணும் கொடுத்தோம்.

போன ஆண்டு அந்தத் தேர்வு முடிந்த வாரம், பள்ளி மைதானத்துக்குப் பின்னாலுள்ள தரிசுக்கு வகுப்பைக் கூட்டிப்போனேன். மருளூமத்தை முழங்கால் உயரத்துக்கு நின்றது, எல்லாவற்றிலும் பச்சைக் காய். ஒரு பையன் மட்டும் கம்பிவேலி ஓரம் போய் நின்றுகொண்டு கூப்பிட்டான். அங்கே தெருவிளக்குக் கம்பத்தடியில் நாலைந்து செடிகள் மற்றவற்றைவிட உயரமாக, தழைத்து, ஒரு காய்கூட இல்லாமல் நின்றன. “சார், இதுக்கு ராத்திரியே கிடையாது சார்” என்றான்.

அது விளக்கினால்தானா, இல்லை அந்த இடத்து மண்ணும் சாக்கடைத் தண்ணீரும் காரணமா என்று கேட்டேன். பார்த்தால் தெரிந்துவிடும் என்றார்கள். இரண்டு செடிகளைத் தேர்ந்தெடுத்து, ஒன்றுக்கு மட்டும் மாலை ஆறு மணிக்குக் கறுப்புத் துணி தைத்த சாக்கைப் போர்த்தி, காலை ஆறு மணிக்கு எடுப்பது என்று முறை வைத்துக்கொண்டார்கள். ஒரே ஒரு நீண்ட இரவுகூட அந்தச் செடிக்குப் போதும் என்று சொன்னேன். நம்பவில்லை, ஐந்து இரவு போர்த்தினார்கள். மூன்றாம் வாரம் சாக்குப் போர்த்திய செடியின் நுனியில் பூமொட்டு தெரிந்தது. பக்கத்துச் செடி இன்னும் இலைதான் விட்டுக்கொண்டிருந்தது.